சைட் இன்ஜினியர் இன்டர்வியூவில் பால்கனி ட்ராயிங் கொடுத்தார்கள், அடுத்த சுற்றுக்கு என்ன தயார் செய்வது?

வளையாதகம்பி
முதல் சுற்று முடிந்துவிட்டது, அடுத்த வாரம் புராஜெக்ட் மேனேஜரோடு இரண்டாவது சுற்று. பொதுவாக வரும் "சிமென்ட் வகைகள் என்ன, ஸ்லம்ப் என்ன" மாதிரி எதுவும் கேட்கவில்லை. இரண்டு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒன்று ஸ்ட்ரக்சர் ட்ராயிங், ஒன்று ஆர்க்கிடெக்ட் ட்ராயிங். ஒரே ஒரு பால்கனி, சுவரிலிருந்து 1.5 மீட்டர் வெளியே நீட்டியிருக்கிறது, 150 மி.மீ. ஸ்லாப், மேல்கம்பி 10 மி.மீ., 150 இடைவெளியில். "நாளைக் காலை கான்கிரீட். இன்று மாலை நீங்கள் மேலே ஏறிப் போகிறீர்கள். என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி மேலே இருக்கவேண்டும், கவர் பிளாக், மேல்கம்பியைத் தாங்கும் சேர், முட்டு, எல்லாம் சொன்னேன். "சரி, அடுத்த முறை இதையே ஆழமாகப் பேசுவோம்" என்றார். இதில் ஆழமாக என்ன இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முட்டுக்கட்டை
இதில் கேட்க முக்கியமாக இரண்டு கேள்விதான் தம்பி. ஒன்று, மேல்கம்பி உள்ளே எவ்வளவு தூரம் போகவேண்டும். டெவலப்மென்ட் லெங்க்த் போதும், 10 மி.மீ. கம்பிக்கு 47 மடங்கு என்றால் 470 மி.மீ., அரை மீட்டர் என்று சொல்லுங்கள். இரண்டாவது, சேர் உயரம். ஸ்லாப் தடிமனில் கம்பியை மூடும் கவர் மேலே 20, கீழே 20 கழித்தால் 110. அவ்வளவுதான், டென்ஷன் வேண்டாம்.

தளமட்டம்
முட்டுக்கட்டை சொன்ன இரண்டும் பாதி சரி. இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன், அந்தப் பாதியில் நிறுத்துகிறவர்களைத்தான் நாங்கள் மேற்கொண்டு தோண்டுவோம்.

முதலில் சேர். 150 தடிமன், மேல் கவர் 20, கீழே கவர் பிளாக் 20. மெயின் கம்பி 10 மேலே, அதற்குக் கீழே டிஸ்ட்ரிபியூஷன் கம்பி 8. சேர் தாங்குவது அந்த 8 மி.மீ. கம்பியை. ஆகவே 150ல் 20, 10, 8, 20 எல்லாவற்றையும் கழித்தால் 92. 110 உயரத்தில் சேர் செய்து வைத்தால் மெயின் கம்பிக்கு மேலே மிஞ்சுவது 2 மி.மீ. கவர்தான். கான்கிரீட் போட்டு மட்டம் அடிக்கும்போது கம்பி பல்லிளிக்கும், உடனே யாராவது மேலே ஏறி மிதித்து அமுக்குவார்கள், அங்கேதான் வம்பு ஆரம்பம். இன்னொன்று, பால்கனியில் பல நேரம் அடிக்கம்பி வலை இருக்காது. அப்போது சேரின் கால் நேராகப் பலகையில் நிற்கும். கீழே கவர் பிளாக் வைக்காவிட்டால் பலகை பிரித்த பிறகு ஸ்லாப்பின் அடியில் வரிசையாகத் துருப்புள்ளி தெரியும்.

இப்போது 470. அந்த நீளம் கம்பி கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இருக்கத்தான். ஆனால் பால்கனி கீழே இழுக்கும்போது அந்த இழுவை சுவரோரத்தோடு முடிவதில்லை, உள்பக்க ஸ்லாப்பின் மேல்பகுதியிலும் கொஞ்ச தூரம் போகும். அது அடங்கும் இடம் வரை மேல்கம்பி போய், அதற்குப் பிறகும் பிடிப்பு இருக்கவேண்டும். அதனால்தான் வெளியே நீட்டிய அளவில் ஒன்றரை மடங்கு உள்ளே போகட்டும் என்று வழக்கமாக டீட்டெய்ல் வரும். இங்கே 2.25 மீட்டர்.

தம்பி, ஒரு கேள்வி. ஆர்க்கிடெக்ட் தாளில் பால்கனிக்குப் பின்னால் என்ன அறை இருந்தது?

வளையாதகம்பி
டாய்லெட் சார். 300 சங்க் என்று எழுதியிருந்தது. ஸ்ட்ரக்சர் தாளில் அந்த இடம் பெட்ரூம் என்று இருந்தது, பழைய ரிவிஷன் போல. ஸ்ட்ரக்சர் தாளில் R1, ஆர்க்கிடெக்ட் தாளில் R3.

தளமட்டம்
கேள்வியே அதுதான். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் அதைக் கண்டுபிடிக்கிறீர்களா என்று காத்திருப்பதற்கு.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் 450 ஆழத்தில் ஒரு பீம். வெளியே பால்கனி, பீமின் மேல்மட்டத்தில். உள்ளே டாய்லெட் ஸ்லாப் 300 கீழே இறங்கிவிட்டது. பால்கனியின் மேல்கம்பி பீமைத் தாண்டி உள்ளே வந்தால் அங்கே ஸ்லாப்பே கிடையாது, வெறும் காற்று. பிறகு அந்தக் குழியில் பைப் போட்டு மண்ணோ செங்கல் தூளோ நிரப்புவார்கள். 2.25 மீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சைட்டில் நடப்பது என்ன என்றால், கம்பி கட்டுகிறவர் பீமுக்குள் கம்பியைக் கீழ்நோக்கி மடக்கி விட்டுவிடுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது பால்கனியின் கனம் முழுவதும் அந்தப் பீமை முறுக்குகிறது. முதலில் உள் ஸ்லாப் அந்த முறுக்கலை எதிர்த்து இழுத்துப் பிடித்தது, இப்போது பிடிக்க ஆள் இல்லை. அந்த முறுக்கலுக்கு அந்தப் பீமின் வளையக் கம்பி, அதாவது ஸ்டிரப், டிசைன் செய்யப்பட்டதா என்பது தாளைப் பார்த்தால் தெரியாது, டிசைனரைத்தான் கேட்கவேண்டும். அவர் பீமை முறுக்கலுக்கு வலுப்படுத்தலாம், பால்கனியையே சங்க் மட்டத்துக்கு இறக்கச் சொல்லலாம், இரண்டு தூணிலிருந்தும் பக்கப் பீம் நீட்டி அதன்மேல் பால்கனியை உட்கார வைக்கலாம். எது என்பதை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. இந்த இடத்தில் இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, படம் வரைந்து, எழுத்தில் கேட்பது உங்கள் வேலை.

பால்கனிக்காரர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இன்ஜினியர் இல்லை. பால்கனி என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் வீட்டு பால்கனியில் தரையும் சுவரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சுவருக்கு இணையாக ஒரு நீளக் கோடு விட்டிருக்கிறது. டைல் ஒட்டியவர் டைல் பேஸ்ட் சரியில்லை, வொய்ட் சிமென்ட் தேய்த்தால் போதும் என்கிறார். இன்டர்வியூவில் இதையெல்லாம் கேட்பார்களா?

தளமட்டம்
ஐயா, உங்களுடையது இன்டர்வியூ கேள்வி இல்லை, அவசரக் கேள்வி. டைலில் மட்டும் வந்த கோடாகவும் இருக்கலாம். ஆனால் நீட்டி நிற்கும் ஸ்லாப்பில் இழுவை அதிகமாக வருவது மேல்பக்கம், சுவரோரம், சுவருக்கு இணையாக. நீங்கள் சொல்வது அதே இடம், அதே திசை. முதலில் அங்கே வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி எல்லாவற்றையும் எடுங்கள், கூட்டமாக யாரும் நிற்கவேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, டைலைப் பெயர்த்து ஸ்லாப்பில் கோடு தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கவர் மீட்டர் வைத்தால் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் தெரியும். வொய்ட் சிமென்ட் தேய்த்தால் கோடு வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

கட்டுக்கம்பி மேஸ்திரி
நான் கம்பி கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். எல்லாரும் மேஸ்திரி மடக்கினான், மேஸ்திரி மிதித்தான் என்கிறீர்கள். ஒரு பால்கனிக்குக் கம்பி வெட்டுவது ஒருநாள், கட்டுவது ஒருநாள். அந்த இரண்டு நாளும் இன்ஜினியர் சார் வரமாட்டார். கடைசிக் கட்டு முடிந்து ஆள் குளிக்கப் போன பிறகு டேப்போடு வந்து "இது தப்பு, பிரி" என்பார். பிரித்துக் கட்ட யார் கூலி கொடுப்பது? கம்பி நீளம் பார் பெண்டிங் ஷெட்யூலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நான் வெட்டுவேன். ஷெட்யூல் பழைய ரிவிஷனில் இருந்தால் நான் என்ன செய்யமுடியும்? முதல் கம்பியை வைக்கும்போது வந்து நில்லுங்கள் சார், பிறகு எங்களைக் குறை சொல்லுங்கள்.

இன்னொன்று. கம்பியை மிதிப்பது நாங்கள் மட்டும் இல்லை. நாங்கள் கட்டிவிட்டுப் போன பிறகு எலெக்ட்ரீஷியன் பைப் போட வருவார், பிளம்பர் வருவார், மறுநாள் கான்கிரீட் ஆட்கள் பம்ப் பைப்பை அதன்மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் சேர் சாய்ந்ததை யார் பார்த்தது?

தளமட்டம்
மேஸ்திரி சொல்வதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் தம்பி. "இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறவர் நீங்கள் சொல்வதைக் கேட்கவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மேலிடத்தில் சொல்வேன்" என்றால் ஆள் தேறமாட்டார் என்று எழுதிக்கொள்வோம். "வேலையை நிறுத்துவேன்" என்று மார்தட்டினாலும் அதே கதிதான். நாங்கள் எதிர்பார்ப்பது, முதல் கம்பி வெட்டும் முன்பே ஷெட்யூலின் ரிவிஷனும் ட்ராயிங்கின் ரிவிஷனும் ஒன்றா என்று பார்த்தீர்களா, முதல் இரண்டு கம்பியை வைத்ததும் அவரோடு நின்று சரிபார்த்தீர்களா என்பதுதான். தவறு முதல் கம்பியில் பிடிபட்டால் சண்டையே வராது. நூற்றில் பிடிபட்டால் யார் சரி என்பது முக்கியமில்லை, கூலி யாருக்கு என்பதுதான் பேச்சு.

மிதிப்பதைப் பற்றியும் சொல்கிறேன், அதற்குக் கணக்கு இருக்கிறது. கம்பி அதன் இடத்தில் இருந்தால் ஸ்லாப்பின் அடியிலிருந்து கம்பியின் நடு வரை 125 மி.மீ. யாரோ மிதித்து 40 மி.மீ. இறங்கிவிட்டது என்று வையுங்கள், 85 ஆகிவிட்டது. ஒரு கம்பிகூடக் குறையவில்லை, கான்கிரீட் நல்ல கான்கிரீட், கியூப் ரிசல்ட்டும் பாஸ். ஆனால் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கான்கிரீட் மூடிய பிறகு மேலே நின்று பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. அதனால் பைப் லைனும் ஆள் நடமாட்டமும் கம்பிமேல் படாமல் கால் வைத்த நடைபலகை போடவேண்டும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே அளவு கீறிய மெல்லிய கம்பியைச் செருகி, கம்பியில் இடிக்கும் ஆழத்தை அங்கங்கே பார்க்கவேண்டும். 20க்குப் பதில் 55, 60 என்று வந்தால் அப்போதே தூக்கலாம், அரைமணி கழித்து முடியாது.

முட்டுக்கட்டை
சேர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைட்டில் 92க்கு யார் சேர் வளைப்பார்கள்? 90 அல்லது 100 என்பார்கள். 90 என்றால் பரவாயில்லை. சரி, முட்டு பிரிப்பது பற்றியும் கேட்பார்கள். சுவர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெளியே வரவேண்டும், அங்கேதான் ஸ்லாப்புக்குப் பலம் அதிகம்.

மஞ்சள்ஹெல்மெட்
ஐயோ, தலைகீழ். நுனியிலிருந்து ஆரம்பித்து சுவரை நோக்கி வரவேண்டும். நீங்கள் சொன்னபடி சுவரோர முட்டை முதலில் எடுத்தால் நுனியில் நிற்கும் முட்டும் சுவரும் இரண்டு தாங்கிகளாகி, பால்கனி நடுவில் தொய்யப் பார்க்கும். தொய்ந்தால் இழுவை அடிப்பக்கம் வரும். அடியில் கம்பி எங்கே இருக்கிறது?

நான் சேஃப்டி பக்கம் வேலை செய்கிறேன், அந்தப் பகுதிக் கேள்விகளைச் சொல்லட்டுமா? "பால்கனி ஓரத்தில் வேலை, என்ன பாதுகாப்பு?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "ஹார்னஸ்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். நான் அடுத்துக் கேட்பது, "ஹூக்கை எங்கே மாட்டுவார்?" பதில் வராது. முட்டு ஜாக்கியில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அவர் விழுந்தால் ஜாக்கியும் சேர்ந்து விழும், அதோடு சென்ட்ரிங்கும். பைண்டிங் வயரில் கட்டிய கம்பியும் ஆகாது. கான்கிரீட் இறுகிய தூணைச் சுற்றிப் போட்ட ஸ்லிங், அல்லது தூணுக்குத் தூண் கட்டிய லைஃப்லைன் என்று சொல்லவேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று. அந்த பால்கனி முதல் மாடி என்றால் ஹார்னஸ் காப்பாற்றுமா? கயிறு 1.8 மீட்டர், ஷாக் அப்சார்பர் கிழிந்து நீளுவது ஒரு மீட்டருக்கு மேல் போகலாம், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கூட்டினால் நாலேகாலுக்கு மேல். தரை மூன்று மீட்டரில் இருக்கிறது! கயிறு இறுகும் முன்பே ஆள் தரையில். அதனால் முதல் பதில் ஹார்னஸ் இல்லை. சென்ட்ரிங் பலகையை ஸ்லாப் விளிம்பைத் தாண்டி இரண்டடி வெளியே நீட்டி, அந்த ஓரத்தில் இடுப்புயரக் கைப்பிடி, நடுக்கம்பி, கீழே கால்பலகை. கைப்பிடிக் கம்பத்தையும் பலகையையும் தாங்க அடியில் தனி முட்டு. கீழே ஆள் நடக்காமல் தடுப்பு. இதெல்லாம் சென்ட்ரிங் அடிக்கும்போதே போட்டால்தான் உண்டு, கான்கிரீட் நாள் காலையில் கேட்டால் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு சிவப்பு ரிப்பன் தொங்கவிடுவார்கள்.

வளையாதகம்பி
மேடம், இது எனக்குத் தோன்றவே இல்லை. முட்டு எத்தனை நாள் என்று கேட்டால்? ஐ.எஸ். 456ல் 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாப் முட்டுக்கு 7 நாள் என்று படித்தேன், பால்கனி 1.5 மீட்டர்தானே?

தளமட்டம்
அந்த 7 நாள் இரண்டு பக்கம் தாங்கி நிற்கும் ஸ்லாப்புக்கு. நீட்டி நிற்பதற்கு அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். சைட்டில் 14 நாளுக்குக் குறைந்து யாரும் விடமாட்டார்கள், பல டிசைனர்கள் ட்ராயிங் குறிப்பிலேயே நாள் எழுதிவிடுவார்கள், முதலில் அந்தக் குறிப்பைப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். நாளைவிட முக்கியம், மேல் மாடி பால்கனியின் முட்டு இந்த பால்கனியின்மேல் நிற்கப்போகிறதா என்பது. நின்றால் கீழே உள்ளது தன் கனத்தோடு மேலே உள்ள ஈரக் கான்கிரீட்டையும் சுமக்கும். 14 நாள் முடிந்துவிட்டது என்று கீழ் முட்டை உருவிவிட்டு, மறுநாள் மேலே கான்கிரீட் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சென்ட்ரிங் ஆட்களுக்கு அடுத்த மாடிக்குப் பலகை வேண்டும், அவர்கள் அவசரம் அவர்களுக்கு. பால்கனி முட்டில் மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதைத் தொட என் கையெழுத்து வேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிடுவது நல்லது.

கட்டுக்கம்பி மேஸ்திரி
பெயின்ட் அடித்த முட்டையும் ராத்திரியில் உருவியதைப் பார்த்திருக்கிறேன். பலகை கம்மியாகக் கொடுத்துவிட்டு மாதம் நாலு மாடி கேட்டால் இப்படித்தான் நடக்கும். இதையும் மேனேஜரிடம் சொல்லச் சொல்லுங்கள், வேலை கிடைக்குமா பார்ப்போம்.

மஞ்சள்ஹெல்மெட்
நியாயமான பேச்சு. "எத்தனை செட் முட்டு, பலகை தருகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். எல்லா மேனேஜருக்கும் பிடிக்குமா என்பது வேறு.

வளையாதகம்பி
கடைசியாக ஒன்று. சங்க் விஷயத்தைக் கண்டுபிடித்து டிசைனருக்கு எழுதிவிட்டேன், மாலை ஏழு மணி, பதில் வரவில்லை, நாளைக் காலை ஆறு மணிக்கு கான்கிரீட் லாரி புக் ஆகியிருக்கிறது. இதைத்தான் அவர் கேட்பார் என்று தோன்றுகிறது. என்ன சொல்வது?

முட்டுக்கட்டை
பால்கனியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஸ்லாப்பைப் போடவேண்டியதுதான். பீம் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கம்பியை வெளியே நீட்டி வைத்தால் பதில் வந்ததும் பால்கனியைப் போடலாம்.

தளமட்டம்
பால்கனியை விடுவது சரி, நிறுத்துகிற இடம் தவறு. பீம் ஓரம்தான் இழுவையும் வெட்டு விசையும் அதிகம் உள்ள இடம், அங்கே ஜாயின்ட் விழக்கூடாது. அதைவிட, பீமையே போட்டுவிட்டால் டிசைனர் நாளைக்கு "அந்தப் பீமில் ஸ்டிரப் கூட்டு" என்றால் எங்கே கூட்டுவீர்கள்? பால்கனி, அந்தப் பீம், டாய்லெட் ஸ்லாப் மூன்றையும் சேர்த்து ஒதுக்குங்கள். ஜாயின்ட்டைப் பக்கத்து அறை ஸ்லாப்பின் நடுப்பகுதியில், ஸ்டாப் பலகை வைத்து, நேர் வெட்டாக விடுங்கள். அந்த ஜாயின்ட் இடத்துக்கும் டிசைனரிடம் போனிலாவது சம்மதம் வாங்கி, உடனே மெயிலில் பதிவு செய்யுங்கள். லாரி அளவைக் குறைக்க பிளான்ட்டுக்கு இரவே சொல்லிவிடவேண்டும்.

மஞ்சள்ஹெல்மெட்
நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒதுக்கினால் பீம் வந்து சேரும் இரண்டு தூண் பக்கத்திலும் பீமுக்குள் ஜாயின்ட் வரும், முட்டும் அரைகுறையாகத் திறந்த ஓரமும் இரண்டு வாரம் நிற்கும், அந்த ஓரத்தில் யார் கைப்பிடி போடுவது? நானாக இருந்தால் மொத்தக் கான்கிரீட்டையும் ஒருநாள் தள்ளச் சொல்வேன்.

தளமட்டம்
தள்ள முடிந்தால் தள்ளுவதுதான் முதல் பதில், மறுக்கவில்லை. ஆனால் தள்ளும் அதிகாரம் சைட் இன்ஜினியர் கையில் இருக்காது. மேனேஜர் "தள்ளமாட்டேன், கான்கிரீட் போட அனுமதிக்கும் போர் கார்டில் கையெழுத்துப் போடு" என்றால் என்ன செய்வது என்பதற்குத்தான் அந்த இரண்டாவது வழி. கையெழுத்தில் "பால்கனி, பீம், சங்க் பகுதி நீங்கலாக" என்று எழுதிப் போடலாம்.

கட்டுக்கம்பி மேஸ்திரி
அப்படி எழுதிய கார்டை மேனேஜர் வாங்கிக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா சார்?

தளமட்டம்
வாங்கியவர்களும் உண்டு, கார்டைக் கிழித்தவர்களும் உண்டு. தம்பி, நேரே அவரிடமே கேளுங்கள், "நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா சார்?" என்று. அவர் சொல்கிற பதிலை வைத்து அங்கே சேரலாமா என்று நீங்களும் முடிவு செய்யலாம்.